எதிர்த்தெரு எவ்வளவு தூரம்? ஜியோஹாஷ், பிளஸ் கோட், போரூர் வழியா போற ஒரு கோடு

*(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். வேகமாகச் சொன்ன எண்களை மட்டும் ஒரு அட்டவணையாகப் போட்டிருக்கிறோம்.)*

இன்னைக்கு ஒரு போன் காலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். நானும் காலேஜ் நண்பர்கள் ரெண்டு பேரும் சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து ரத்த தானத்துக்கு ஒரு சின்ன ஆப் எழுதியிருந்தோம். ரத்தம் கொடுக்க விருப்பமிருக்கிறவங்க ரத்த வகையையும் வீடு இருக்கும் இடத்தையும் பதிவு பண்ணுவாங்க. யாருக்காவது தேவைன்னா, பக்கத்தில் இருக்கிறவங்களுக்கு மெசேஜ் போகும். அவ்வளவுதான் ஆப்.

ஒரு டெங்கு சீசனில் போரூர் பக்கமிருந்து ஏ நெகட்டிவ் கேட்டு ஒரு கோரிக்கை வந்தது. ஆப் தேடியது. தேடி, வேலூரில் இருக்கும் ரெண்டு பேருக்கு மெசேஜ் அனுப்பியது. போரூரிலிருந்து வேலூர் நூறு கிலோமீட்டருக்கு மேல. கடைசியில் அந்தக் குடும்பம் வேற வழியில், வேற யாரையோ பிடித்து, பல மணி நேரம் கழிச்சு ரத்தம் ஏற்பாடு பண்ணாங்க. நோயாளி நல்லபடியா வீட்டுக்குப் போயிட்டார்.

ரெண்டு நாள் கழிச்சு எனக்கு ஒரு போன். "தம்பி, நான் ஏ நெகட்டிவ். உங்க ஆப்ல பேர் கொடுத்திருக்கேன். கேட்டவங்க வீடு எங்க எதிர்த்தெருதான். எனக்கு ஏன் மெசேஜ் வரல?"

எனக்குப் பதில் தெரியல. சர்வர் ஓடிக்கிட்டுதான் இருந்தது. அவர் பேரும் லிஸ்ட்டில் இருந்தது. கோடில் எந்த எரரும் வரல. ஆனா எங்க ஆப்பைப் பொறுத்தவரை, எதிர்த்தெருவை விட வேலூர் பக்கம்.

ஏன் அப்படி ஆச்சு என்பதுதான் இன்னைக்கு எபிசோட். அதுக்கு 1966-ல் இருந்த கனடாவுக்கும், 1884-ல் இருந்த வாஷிங்டனுக்கும் போயிட்டுத் திரும்பப் போரூருக்கு வரணும்.

ஒரு டேப், ஒரு பெரிய மேப்

1960-களில் கனடா அரசு தன் நாட்டு நிலத்தைக் கணக்கெடுக்க ஆரம்பித்தது. எங்கே விவசாயம் பண்ணலாம், எங்கே காடு, எங்கே வனவிலங்கு என்று ஆயிரக்கணக்கான மேப்புகள். ராஜர் டாம்லின்சன் என்பவரின் யோசனைப்படி இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற முடிவு செய்தார்கள். இன்னைக்கு ஜிஐஎஸ் என்று நாம சொல்வதின் தொடக்கம் அதுதான்.

அன்றைக்கு டேட்டா இருந்தது காந்த டேப்பில். டேப்பில் ஒரு கஷ்டம் உண்டு. பழைய ஆடியோ கேசட் மாதிரி, நடுவில் இருக்கும் பாட்டு வேணும்னா சுற்றித்தான் ஆகணும். மேப் என்பது நாலு பக்கமும் விரியும் தாள். டேப் ஒரே நீளக் கோடு. தாளைக் கோடாக மாற்றும்போது, தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடங்கள் டேப்பிலும் கூடுமானவரை பக்கத்தில் இருந்தா சுற்ற வேண்டிய நேரம் மிச்சமாகும்.

இதுக்கு 1966-ல் ஐபிஎம் கனடாவில் வேலை செய்த ஜி. எம். மார்ட்டன் ஒரு வழி எழுதினார். மேப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் வரிசை எண்ணையும் பத்தி எண்ணையும் பைனரியில் எழுதணும். பிறகு சீட்டுக்கட்டு கலைக்கிற மாதிரி, இதிலிருந்து ஒரு பிட், அதிலிருந்து ஒரு பிட் என்று மாற்றி மாற்றிக் கோர்க்கணும். ரெண்டு எண் ஒரே எண்ணாகிடும். அந்த வரிசைப்படி கட்டங்களைத் தொட்டுக்கிட்டே போனா பேனா Z, Z-ஆக வரைஞ்சுக்கிட்டே போகும். இன்னைக்கும் இதுக்கு மார்ட்டன் வரிசை என்றே பேர்.

42 வருஷம் கழிச்சு, 2008 பிப்ரவரியில், குஸ்தாவோ நீமேயர் என்ற பிரேசில்காரர் geohash.org என்று ஒரு தளம் திறந்தார். அட்சரேகை, தீர்க்கரேகை என்று ரெண்டு நீள எண்களை நண்பருக்கு அனுப்புவதற்குப் பதிலா ஒரு குட்டி லிங்க் அனுப்பலாம் என்பதுதான் யோசனை. உள்ளே இருந்த கணக்கு, மார்ட்டனுடைய அதே பிட் கோர்ப்பு. அதை யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டார். லிங்க் அனுப்புவதை விட, டேட்டாபேஸ் எழுதுறவங்களுக்குத்தான் அது ரொம்பப் பிடித்துப் போனது.

சென்னை எப்படி t ஆச்சு

ஒரு தடவை கையால் போட்டுப் பார்க்கலாம். சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு, 80 டிகிரி கிழக்கு.

உலகத்தைக் கிழக்கு, மேற்கு என்று பாதியாக்கு. சென்னை கிழக்குப் பாதியில் இருக்கு: 1. வடக்கு, தெற்கு என்று பாதியாக்கு. வடக்கில் இருக்கு: 1. மறுபடி தீர்க்கரேகை. 0 முதல் 180 வரை பாதியாக்கினா நடு 90. சென்னை அதுக்கு மேற்கே: 0. அட்சரேகையில் 0 முதல் 90, நடு 45. சென்னை தெற்கே: 0. மறுபடி தீர்க்கரேகையில் 0 முதல் 90, நடு 45. சென்னை கிழக்கே: 1.

சேர்த்தா 11001. பத்தடிமானத்தில் 25. ஜியோஹாஷில் மொத்தம் 32 எழுத்து: 0 முதல் 9 வரை எண்கள், அப்புறம் a, i, l, o நாலையும் விட்டுட்டு மீதி ஆங்கில எழுத்துகள். பூஜ்யத்திலிருந்து எண்ணினா 25-வது இடத்தில் t. ஆக சென்னை t. டெல்லி, மும்பை, கொழும்பு எல்லாமே t தான்.

அஞ்சு கேள்விக்கு ஒரு எழுத்து. இன்னும் அஞ்சு முறை பாதியாக்கினா ரெண்டாவது எழுத்து, இன்னும் அஞ்சுக்கு மூணாவது. எழுத்து கூடக்கூடப் பெட்டி சின்னதாகும். ஒவ்வொரு எழுத்தும் முந்தின பெட்டியை 32 துண்டாக்குது.

இங்கே கவனிக்க வேண்டியது, ஜியோஹாஷ் சொல்வது ஒரு புள்ளியை இல்ல, ஒரு பெட்டியை. கோடை டீகோட் பண்ணினா உங்களுக்குக் கிடைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை அந்தப் பெட்டியின் நடு. உண்மையான இடம் பெட்டிக்குள் எங்கே வேணும்னாலும் இருக்கலாம். கோடின் நீளம்தான் அந்தப் பெட்டியின் அளவு.

சென்னை அட்சரேகையில் கணக்குப் போட்டா ஏறக்குறைய இப்படி வரும். முதல் அளவு கிழக்கு மேற்காக, ரெண்டாவது வடக்கு தெற்காக.

| எழுத்து | பெட்டி |
|---|---|
| 2 | 1,220 கி.மீ. × 620 கி.மீ. |
| 3 | 152 கி.மீ. × 156 கி.மீ. |
| 4 | 38 கி.மீ. × 19.5 கி.மீ. |
| 5 | 4.8 கி.மீ. × 4.9 கி.மீ. |
| 6 | 1.2 கி.மீ. × 600 மீ. |
| 7 | 150 மீ. × 150 மீ. |
| 8 | 37 மீ. × 19 மீ. |
| 9 | 4.7 மீ. × 4.8 மீ. |

ஒத்தைப்படை நீளத்தில் பெட்டி ஏறக்குறைய சதுரம். இரட்டைப்படையில் அகலம் உயரத்தைப் போல ரெண்டு மடங்கு. அஞ்சு பிட் என்பது ஒத்தைப்படை, அதை ரெண்டு பேருக்குச் சமமாகப் பிரிக்க முடியாது, அதனால் ஒவ்வொரு எழுத்திலும் ஒருத்தருக்கு ஒரு பிட் கூடப் போகும். அடுத்த எழுத்தில் சரியாகும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

எங்க ஆப் என்ன செஞ்சது

ஜியோஹாஷை எல்லாரும் விரும்புவதற்குக் காரணம், முன்னெழுத்துகள் ஒண்ணா இருந்தா இடங்கள் பக்கத்தில் இருக்கும் என்பது. `tf340` என்று ஆரம்பிக்கும் எல்லாருமே ஒரே அஞ்சு கிலோமீட்டர் பெட்டிக்குள் இருக்காங்க. தூரம் கணக்கிடத் தேவையே இல்ல. டிக்‌ஷனரியில் சொல் தேடுற மாதிரி முன்னெழுத்தை வச்சுத் தேடினா போதும். நாங்க எழுதியதும் அதுதான்:

```sql
SELECT * FROM donors
WHERE blood = 'A-' AND geohash LIKE 'tf2fp%';
```

யாரும் கிடைக்கலன்னா கடைசி எழுத்தை வெட்டிட்டு மறுபடி தேடும். பெட்டி பெருசாகிக்கிட்டே போகும், எப்படியும் பக்கத்தில் இருக்கிறவர் முதல்ல மாட்டுவார்னு நெனச்சோம். எழுதும்போது ரொம்பப் புத்திசாலித்தனமா தெரிஞ்சது.

இப்போ ரெண்டு புள்ளி எடுத்துக்குவோம். யாருடைய வீடும் இல்ல, வெறும் எண்கள். ரெண்டுமே போரூர் வட்டாரத்தில், 13.0351 வடக்கு. ஒண்ணு 80.1562 கிழக்கு, இன்னொண்ணு 80.1563 கிழக்கு. ரெண்டுக்கும் நடுவில் 11 மீட்டர். ஒரு சின்னத் தெருவின் அகலம். எட்டு எழுத்து ஜியோஹாஷ்:

```
13.0351, 80.1562  ->  tf2fpuzy
13.0351, 80.1563  ->  tf340hbn
```

நான் இதை முதல் முறை பார்த்தப்போ லைப்ரரியில் பக் என்று நெனச்சேன். வேற லைப்ரரியில் போட்டேன், அதே பதில். அப்புறம் பேப்பரில் கையால் போட்டேன். அதே பதில்.

11 மீட்டர் தள்ளியிருக்கும் ரெண்டு பேருக்கும் பொதுவான எழுத்துகள் `tf` மட்டும். இப்போ எங்க ஆப் மாதிரி யோசிங்க. மேற்குப் பக்கத்துக்காரர் ரத்தம் கேட்கிறார். `tf2fp`, யாரும் இல்ல. `tf2f`, அது பூந்தமல்லி, திருவள்ளூர் பக்கம். எங்களிடம் அங்கே ஆளே இல்ல. `tf2`, இந்தப் பெட்டியில் காஞ்சிபுரம் இருக்கு, வேலூர் இருக்கு, திருப்பதி கூட இருக்கு. வேலூரில் ரெண்டு பேர் கிடைச்சாங்க. ஆள் கிடைச்சதும் ஆப் நின்னுடுச்சு.

எதிர்த்தெருக்காரர் மட்டும் இல்ல, வடபழனி, தி. நகர், எழும்பூர் எல்லாமே `tf34`. எங்க லிஸ்ட்டில் இருந்த பெரும்பாலான பேர் அங்கேதான். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் கூட `tf3` பெட்டியில்தான் வருது. கிழக்குப் பக்கத்துக்காரருக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராக்கெட் மூணு எழுத்து சொந்தம், எதிர்வீட்டுக்காரர் ரெண்டு எழுத்துதான் சொந்தம்.

மேற்கிலிருந்து தேடினா, `tf` வரைக்கும் வெட்டினாதான் கோட்டுக்கு அந்தப் பக்கம் போக முடியும். ஆனா `tf` என்பது சிதம்பரத்திலிருந்து விஜயவாடா வரைக்கும், கிழக்கே பாதிக்கு மேல வங்காள விரிகுடா. அங்கே 'பக்கத்தில்' என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்ல.

அந்தக் கோடு அங்கே எப்படி வந்தது

360 டிகிரியை எட்டு முறை பாதியாக்குங்க. 1.40625 டிகிரி வரும். மூணு எழுத்துப் பெட்டியின் அகலம் அது. பூஜ்யத்திலிருந்து கிழக்கே இந்த அகலத்தில் 57 பெட்டி எண்ணினா 80.15625. அதுதான் கோடு. வடக்கே அம்பத்தூர்ப் பக்கம் வந்து, போரூர் வட்டாரத்தைக் கடந்து தெற்கே போகுது. தரையில் எந்த அடையாளமும் கிடையாது.

பூஜ்யம் ஏன் அங்கே இருக்கு? 1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். உலகத்துக்கு ஒரே பூஜ்யத் தீர்க்கரேகை எது என்பது கேள்வி. லண்டன் பக்கத்து கிரீனிச்சுக்கு 22 ஓட்டு. எதிர்த்தது ஒரே ஒரு நாடு, சான் டொமிங்கோ. பிரான்சும் பிரேசிலும் ஓட்டுப் போடவில்லை. பிரான்சுக்குப் பாரிஸ் கோடு கைவிட்டுப் போகிறதே என்ற வருத்தம் இருந்தது.

ஒரு விளையாட்டுக்கு, அன்றைக்குப் பாரிஸ் ஜெயித்திருந்தா என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாரிஸ் கோடு கிரீனிச்சுக்கு 2.337 டிகிரி கிழக்கே. எல்லாக் கோடுகளும் அந்த அளவு நகரும். போரூர் தப்பிச்சிடும். ஆனா ஒரு கோடு 79.68-ல் விழும். அது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில். அங்கே வேற ஒரு எதிர்த்தெருக்காரர் எனக்குப் போன் பண்ணியிருப்பார்.

சொல்ல வருவது என்னன்னா, கோடு எங்கே விழுது என்பதில் நம்ம ஊருக்கு எந்தப் பங்கும் இல்ல. உலகத்தைப் பெட்டியாக வெட்டினா எங்கேயாவது ஒரு வெட்டு விழும், அந்த வெட்டு சில சமயம் ஊருக்கு நடுவில் விழும்.

சூரிச்காரர்கள் என்ன மாற்றினார்கள்

2014 வாக்கில் கூகுளின் சூரிச் அலுவலகத்தில் ஓப்பன் லொகேஷன் கோட் என்று ஒண்ணு செய்தாங்க. மேப்பில் நீங்க பார்க்கும் பிளஸ் கோட் அதுதான். அவங்க நோக்கம் வேற. டேட்டாபேஸுக்காக இல்ல, தெருப் பேரும் கதவு எண்ணும் இல்லாத இடங்களில் இருக்கும் மனுஷங்களுக்காக. போனில் சொல்லணும், சுவரில் எழுதணும், இன்னொருத்தர் படிக்கணும்.

அதனால் எழுத்துகளைக் குறைச்சாங்க. மொத்தம் 20 தான்: `23456789CFGHJMPQRVWX`. பார்த்தா ஒண்ணு போல இருக்கும் எழுத்துகள் போச்சு. உயிரெழுத்துகளும் போச்சு. முப்பது மொழிகளின் சொற்களை வச்சு, தற்செயலா எந்த மோசமான வார்த்தையும் அமையாத மாதிரி எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தாங்க.

இன்னொரு மாற்றம், பிட் கலப்பு இல்ல. ஜோடி ஜோடியாகப் போகும். ஜோடியில் முதல் எழுத்து அட்சரேகை, ரெண்டாவது தீர்க்கரேகை. முதல் ஜோடி 20 டிகிரி பெட்டி. அடுத்த ஜோடி 1 டிகிரி. அப்புறம் 0.05, 0.0025, 0.000125. ஒவ்வொரு தடவையும் 20-ஆல் வகுத்துக்கிட்டே போறாங்க. ஜோடியா போறதால டிகிரியில் பெட்டி எப்பவும் சதுரம், அகலப் பெட்டி என்ற தொல்லை இல்ல.

நம்ம அளவில் சொன்னா நாலு எழுத்து 110 கிலோமீட்டர், ஆறு எழுத்து ஐந்தரை கிலோமீட்டர், எட்டு எழுத்து 275 மீட்டர், பத்து எழுத்து 14 மீட்டர். எட்டாவது எழுத்துக்கு அப்புறம்தான் கூட்டல் குறி. பதினோராவது எழுத்து சேர்த்தா முறை மாறும், பத்து எழுத்துப் பெட்டியை 4 பத்தி, 5 வரிசையாக வெட்டி, ஏறக்குறைய 3 மீட்டர் பெட்டி ஆக்கிடும். ஒரு வீட்டு வாசலைக் காட்ட அது போதும்.

அதே ரெண்டு போரூர்ப் புள்ளிகள்:

```
13.0351, 80.1562  ->  7M5225P4+2F
13.0351, 80.1563  ->  7M5225P4+2G
```

கடைசி எழுத்து மட்டும் F-லிருந்து G. F-க்கு அடுத்து G. பார்த்ததும் எனக்கு அவ்வளவு நிம்மதி. இதையே பயன்படுத்தியிருக்கலாமே என்று தோணுச்சு.

ரெண்டு நாள்தான் அந்த நிம்மதி. பிளஸ் கோடின் நாலு எழுத்துப் பெட்டி முழு டிகிரியில் வெட்டப்படுது. 13 டிகிரி வடக்கு எங்கே போகுது என்று மேப்பில் பார்த்தேன். அடையாறு வழியா.

```
12.9999, 80.2566  ->  7M42X7X4+XJ
13.0001, 80.2566  ->  7M522724+2J
```

ரெண்டுக்கும் 22 மீட்டர். முன்னெழுத்தில் `7M` மட்டும் பொது, அது 20 டிகிரி பெட்டி, அதாவது ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல. ஜியோஹாஷ் சென்னையைக் கிழக்கு, மேற்காக வெட்டினா, பிளஸ் கோட் வடக்கு, தெற்காக வெட்டுது. வேளச்சேரியும் தாம்பரமும் `7M42`, சென்ட்ரலும் எழும்பூரும் `7M52`.

இதில் இன்னொரு குழியும் இருக்கு. மேப்பில் நீங்க பார்ப்பது பெரும்பாலும் முதல் நாலு எழுத்தை விட்டுட்டு ஊர்ப் பேர் போட்ட சுருக்கம். `X7X4+XJ, சென்னை` என்கிற மாதிரி. அந்த நாலு எழுத்து இல்லாத கோட் உலகத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு தடவை திரும்ப வரும். அதில் சென்னைக்குக் கிட்ட இருப்பதை எடுக்கணும் என்பதுதான் விதி. 'சென்னைன்னா `7M52` தானே' என்று அதை முன்னால் ஒட்டிட்டா, அடையாறு வீடு 110 கிலோமீட்டர் வடக்கே ஆந்திரக் கடலோரம் பக்கம் போயிடும். ஒட்டக் கூடாது, கிட்டத்தில் இருப்பதைத் தேடணும். லைப்ரரியில் அதுக்கென்றே `recoverNearest` இருக்கு.

அப்போ எப்படித் தேடுவது

ஆக, முன்னெழுத்து ஒண்ணா இருந்தா இடங்கள் பக்கத்தில் இருக்கும். இது உண்மை. இடங்கள் பக்கத்தில் இருந்தா முன்னெழுத்து ஒண்ணா இருக்கும். இது உண்மை இல்ல. நாங்க முதலாவதைப் படிச்சுட்டு ரெண்டாவதை எழுதினோம்.

சரி செய்த விதம் இதுதான். நம்ம பெட்டியை மட்டும் தேடாம, அதைச் சுத்தி இருக்கும் எட்டுப் பெட்டிகளையும் சேர்த்து ஒன்பதையும் தேடணும். `tf2fp`-க்குக் கிழக்கே ஒட்டி இருக்கும் பெட்டி `tf340`. பேர் எவ்வளவு வேற மாதிரி இருந்தாலும், ஒட்டிய பெட்டி எது என்று கணக்குப் போட முடியும். அப்புறம் ஒன்பது பெட்டியிலும் கிடைத்த ஆட்களுக்கு மட்டும் உண்மையான தூரம் கணக்கிட்டு, 2 கிலோமீட்டருக்கு மேல இருப்பவர்களை விடணும். கோட் என்பது லிஸ்ட்டைச் சுருக்க மட்டும். பக்கமா, தூரமா என்பதை மீட்டர்தான் சொல்லணும். ரெடிஸ் மாதிரி டேட்டாபேஸில் இருக்கும் இடத் தேடல் கட்டளைகள் உள்ளே செய்வதும் இதே பக்கத்துப் பெட்டி வேலைதான்.

இதிலும் ஒரு தடவை தடுமாறினோம். வேகமா இருக்கட்டும் என்று நண்பன் ஆறு எழுத்துக்கு மாத்தினான், தேடல் தூரத்தையும் 1 கிலோமீட்டர் ஆக்கினான். 'பெட்டி 1.2 கிலோமீட்டர், தேடல் 1 கிலோமீட்டர், சரியா இருக்கும்' என்று அவன் கணக்கு. ஆனா 1.2 என்பது கிழக்கு மேற்கு மட்டும். வடக்கு தெற்கு 600 மீட்டர் தான். நீங்க பெட்டியின் மேல் விளிம்பில் நின்னா, ஒன்பது பெட்டியும் சேர்ந்து வடக்கே 600 மீட்டர் வரைக்கும்தான் பார்க்கும். அடுத்த 400 மீட்டரில் இருப்பவர் காணாமப் போவார். ஞாபகம் வச்சுக்கச் சொன்ன இரட்டைப்படை விஷயம் இதுதான். விதி சுலபம்: பெட்டியின் சின்னப் பக்கம், தேடும் தூரத்தை விடச் சின்னதா இருக்கக் கூடாது. 1 கிலோமீட்டருக்கும் 2 கிலோமீட்டருக்கும் அஞ்சு எழுத்து.

இந்த மாதிரி தவறு எரர் காட்டாது. சில பேர் மட்டும் காணாமப் போவாங்க, யார் காணோம் என்று உங்களுக்குத் தெரியாது. கண்டுபிடிக்க ஒரே நல்ல வழி, தேடல் கொடுத்த பதில்களை மேப்பில் புள்ளியாகப் போட்டுப் பார்ப்பது. சரியா இருந்தா வட்டமா இருக்கும். தப்பா இருந்தா ஒரு பக்கம் கத்தியால் வெட்டின மாதிரி நேர்கோட்டில் நிக்கும். எங்க பழைய தேடலை அப்படிப் போட்டப்போ, போரூரில் அந்தக் கோடு அப்படியே தெரிஞ்சது. ஆயிரக்கணக்கான புள்ளிகள் கிழக்கே, மேற்கே வெறுமை.

நீளத்தைப் பற்றி இன்னொண்ணு. ஜியோஹாஷை 12 எழுத்து வரைக்கும் எழுதலாம், அப்போ பெட்டி 4 சென்டிமீட்டருக்கும் கம்மி. ஆனா போன் ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே அஞ்சு மீட்டர் வரைக்கும் தப்பும், கட்டடங்களுக்கு நடுவில் இன்னும் மோசம். அஞ்சு மீட்டர் தப்பை 12 எழுத்தில் எழுதினா தப்பு துல்லியமாகிடாது, தப்பு நீளமாகும். 9 எழுத்துக்கு மேல போன் கொடுப்பதில் அர்த்தம் இல்ல. எங்க ஆப்பில் இப்போ 6 எழுத்துதான் சேமிக்கிறோம். ரத்தம் தர்றவர் எந்தப் பகுதியில் இருக்கார் என்று தெரிஞ்சா போதும், எந்த வாசல் என்று எங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல. நாளைக்கு டேட்டா வெளியே போனாலும் ஒரு வீட்டைச் சுட்டிக்காட்டாது. தேடும்போது அதன் முதல் அஞ்சு எழுத்தை வச்சுப் பெட்டி எடுக்கிறோம். தூரத்தைப் பெட்டியின் நடுவிலிருந்து கணக்கிடுவதால் சில நூறு மீட்டர் தப்பலாம். அதுக்காக எல்லையை 2 கிலோமீட்டரிலிருந்து 3 ஆக்கியாச்சு.

2025 மே மாசம் இந்திய அஞ்சல் துறை டிஜிபின் என்று ஒரு முறையைக் கொண்டுவந்திருக்கு. பத்து எழுத்து, ஏறக்குறைய 4 மீட்டர் பெட்டி. நாட்டை ஒவ்வொரு எழுத்துக்கும் நாலுக்கு நாலாக வெட்டிக்கிட்டே போவது. நிறைய பேர் அதை வச்சு ஆப் எழுதப் போறாங்க. அதிலும் வெட்டு உண்டு. எழுதுறதுக்கு முன்னால், உங்க ஊரில் அது எந்தத் தெருவில் விழுதுன்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்திடுங்க.

எங்க கோடில் இப்போ ஒரு டெஸ்ட் இருக்கு. `tf2fpuzy`-லிருந்து தேடினா `tf340hbn` கிடைக்கணும். கிடைக்கலன்னா எதுவும் ரிலீஸ் ஆகாது. டெஸ்ட்டுக்குப் பேர் `edhir_theru`.

போன் பண்ணின அந்த அண்ணாவை அப்புறம் நானே கூப்பிட்டேன். மேலே சொன்னதையெல்லாம் பத்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, "அதெல்லாம் சரி தம்பி, இப்போ எனக்கு மெசேஜ் வருமா?" என்றார். வரும்னு சொன்னேன். அடுத்த வருஷம் வந்தது. போயிட்டு வந்தார்.